ஹெல்மெட் அபராதம் உங்களுக்கா, வேறு யாருக்காவதா? இ-சலானைப் படிப்பது எப்படி?

மதுரையில் ஒரு பள்ளி ஆசிரியை. செவ்வாய்க்கிழமை மாலை வீடு திரும்பியதும் போனைப் பார்க்கிறார். அவருடைய ஸ்கூட்டருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று எஸ்.எம்.எஸ் வந்திருக்கிறது. ஹெல்மெட் போடாமல் ஓட்டியதாகப் புகார். இடம் சென்னை, நேரம் அன்று காலை 10.40. அந்த நேரத்தில் அவர் மதுரையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் பள்ளி வளாகத்தில் நின்றது.

இது ஒரு கற்பனைச் சூழல்தான். ஆனால் கேமரா மூலம் அபராதம் விதிக்கும் இந்தக் காலத்தில் இப்படி நடக்க வாய்ப்பு உண்டு. 'ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டால் தொல்லை விட்டது' என்று பலரும் நினைப்பார்கள். அங்கேதான் சிக்கல். அபராதத்தைக் கட்டினால் தவறை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டதாக ஆகிவிடும். அதன் பிறகு 'அது என் வண்டியே இல்லை' என்று சொல்வது கடினம். அதனால் கட்டுவதற்கு முன்பு சலானைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் மெசேஜ் உண்மையானதா?

அபராதம் என்று பயமுறுத்தி, வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே ஃபைல் அனுப்பும் மோசடி நடக்கிறது. அதை இன்ஸ்டால் செய்தால் போனில் உள்ள ஓ.டி.பி, வங்கி விவரம் எல்லாம் திருட்டுப் போகலாம். சலான் ஒருபோதும் ஏ.பி.கே ஃபைலாக வராது.

மெசேஜில் இருக்கும் லிங்கைத் தொட வேண்டாம். பிரவுசரில் நீங்களே echallan.parivahan.gov.in என்று டைப் செய்து உள்ளே போங்கள். அங்கே Check Challan Status பகுதியில் சலான் எண் அல்லது வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடலாம். வண்டி எண் என்றால் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். அவை ஆர்.சி புத்தகத்தில் இருக்கும். அங்கே உங்கள் வண்டிக்குச் சலான் எதுவும் இல்லையென்றால், வந்த மெசேஜைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

129, 194D என்றால் என்ன?

நம் ஆசிரியைக்கு வந்த சலான் உண்மையானதுதான். அதில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129, 194D என்ற இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. இரண்டு எண்களைப் பார்த்ததும் இரண்டு குற்றம் என்று பயப்பட வேண்டாம். ஒன்று விதி, மற்றொன்று அதை மீறினால் தண்டனை.

இருசக்கர வாகனத்தில் செல்பவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று சொல்வது 129. மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்று சொல்வது 194D. ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யவும் இதே பிரிவில் இடம் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஹெல்மெட் போடாவிட்டாலும் இது பொருந்தும். எனவே 'நான் போட்டிருந்தேனே' என்று வாதிடும் முன் படத்தில் பின்சீட்டையும் பாருங்கள்.

2019-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி அபராதங்களை உயர்த்தியது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். உங்கள் சலானில் உள்ள தொகை அந்தப் பிரிவுக்குப் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹெல்மெட் பிரிவுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் கேட்டிருந்தால், அதே சலானில் வேறு பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படம்தான் சாட்சி

கேமராவை வைத்து அபராதம் விதிப்பதற்கான நடைமுறையை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167A சொல்கிறது. இது 2021-ல் சேர்க்கப்பட்டது. விதிமீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு ஆகியவை சலானில் இருக்க வேண்டும் என்பது இந்த விதி.

ஆசிரியை படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். அவருடையது சாம்பல் நிற ஸ்கூட்டர். படத்தில் இருப்பதோ கறுப்பு நிற பைக். பிளேட்டில் கடைசி எண் 3. சலானில் அது 8 ஆகியிருக்கிறது. பிளேட்டில் அழுக்கு படிந்திருந்தாலோ, எழுத்துகள் விதிப்படி இல்லாமல் அலங்காரமாக இருந்தாலோ இப்படித் தவறாகப் படிக்கப்படலாம்.

படத்தில் உங்கள் எண் அச்சு அசலாக இருந்து, வண்டி மட்டும் வேறாக இருந்தால் விஷயம் பெரிது. யாரோ உங்கள் எண்ணைப் போலி பிளேட்டில் பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். அப்போது உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் அந்த ரசீது கைகொடுக்கும்.

எப்படி மறுப்பது?

முதல் வழி, சலான் போட்ட போக்குவரத்து போலீஸாரிடம் முறையிடுவது. இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஆர்.சி நகல், பிளேட் தெரியும்படி உங்கள் வண்டியை முன்னும் பின்னும் எடுத்த படங்கள், சலானில் உள்ள படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியைக்கு அன்றைய வருகைப் பதிவேட்டின் நகலும் உதவும்.

புகாரை நீட்டி எழுதத் தேவையில்லை. 'சலானில் உள்ள படத்தில் இருப்பது கறுப்பு பைக். என்னுடையது சாம்பல் நிற ஸ்கூட்டர். படத்தில் உள்ள எண்ணின் கடைசி இலக்கம் 3, என்னுடையது 8. எனவே சலானை ரத்து செய்ய வேண்டுகிறேன்' என்று நான்கு வரி போதும். கொடுத்த புகாரின் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் தீர்வு கிடைக்காமல் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், vcourts.gov.in தளத்தில் வழக்கைத் தேடலாம். அங்கே இரண்டு வழிகள் இருக்கும். அபராதத்தைக் கட்டுவது ஒன்று. I wish to contest the case என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்.

இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். வழக்கு சென்னையில் நடந்தால், மதுரையிலிருந்து போய்வரும் செலவே அபராதத்தைத் தாண்டிவிடலாம். விடுப்பும் போகும். அதனால்தான் போலீஸாரிடம் கொடுக்கும் முதல் புகாரை ஆதாரங்களோடு சரியாகக் கொடுப்பது முக்கியம். பலருக்கு நடைமுறையில் சாத்தியமான வழி அதுதான்.

சும்மா விட்டால்?

'நான் செய்யாத தவறு, தானாகப் போய்விடும்' என்று விட்டுவிடக் கூடாது. சலான் தளத்தில் அப்படியே நிலுவையில் நிற்கும். வண்டியை விற்கப் போகும்போது பெயர் மாற்றம் தடைபடலாம். சலானில் கொடுத்திருக்கும் கெடு தேதிக்குள் கட்டுவதா, மறுப்பதா என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

படத்தில் இருப்பது உங்கள் வண்டி, பின்சீட்டில் ஹெல்மெட் இல்லாமல் இருப்பது உங்கள் மகன் என்றால், மறுக்க ஒன்றும் இல்லை. தளத்தில் பணத்தைக் கட்டி ரசீதைச் சேமித்துவிட்டு, மகனுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிவிடுங்கள்.