இடப்பக்கம் சுடுநீர்

புதுப்பித்த வீட்டுக் குளியலறையில் ஊரிலிருந்து வரும் தாத்தா, பாட்டியைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் ஒற்றைப்பிடி மிக்ஸர்தான். திருகிப் பழகிய கைக்கு அதைத் தூக்க வேண்டும் என்று தோன்றாது. தூக்கினால் தண்ணீர் வரும்; இடப்பக்கம் தள்ளினால் சுடுநீர், வலப்பக்கம் தள்ளினால் குளிர்ந்த நீர்.

ஆபத்து எங்கே என்றால், கீஸரிலிருந்து வரும் குழாயில் தேங்கிய பச்சைத் தண்ணீர்தான் முதலில் வரும். சூடு போதவில்லை என்று பிடியை இடக்கோடி வரை தள்ளுவார்கள். அடுத்த அரை நிமிடத்தில் கொதிநீர் பாயும். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். முதியவர்களின் தோல் மெல்லியது. விருந்தினர் இருக்கும் நாட்களில் கீஸரை 50 டிகிரிக்குக் குறைத்து வைப்பது நல்லது.

அடுத்தது ஷவர். வாளியை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தால், முன்பு குளித்தவர் ஷவருக்கு மாற்றிய குமிழ் அப்படியே இருக்க, தலையில் கொட்டும். புடவையோடு நனைந்த பாட்டிகள் ஏராளம்!

கதவுக்கு அருகே, கண் மட்டத்தில், பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு ஒட்டலாம்:

“பிடியை வலப்பக்கம் வைத்து மெதுவாகத் தூக்கவும். சூடு வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம். கையில் பார்த்த பிறகே மேலுக்கு. குமிழை இழுத்தால் ஷவர், அமுக்கினால் வாளி.”

குமிழ் வீட்டுக்கு வீடு வேறுபடும் என்பதால், எழுதுவதற்கு முன் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். கழிப்பறைத் தொட்டிக்கு ஒரு வரி போதும்: “சிறுநீருக்குச் சின்ன பட்டன், மலத்துக்குப் பெரிய பட்டன்.”