இணைப்பு 4 எங்கே?

டெண்டர் அறிவிப்புகள் இப்போது பெரும்பாலும் வாட்ஸப்பில்தான் கைமாறுகின்றன. நாலைந்து பக்க பி.டி.எஃப். தகுதி நிபந்தனைகளின் கடைசியில், ‘இணைப்பு 4-இல் கண்ட ஆவணங்கள் அனைத்தையும் சேர்க்க வேண்டும்’ என்று இருக்கும். ஆனால் இணைப்பு 4 அந்தக் கோப்பில் இருக்காது. சிலர் கையிலிருக்கும் சான்றுகளையெல்லாம் ஸ்கேன் செய்து தள்ளுவார்கள். சிலர் வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். ஆனால் தகுதி உண்டா இல்லையா என்பதை நிபந்தனையிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். அதை எந்தக் காகிதத்தால் நிரூபிப்பது என்பதற்குத்தான் இணைப்பு வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மத்திய அரசு நிறுவனம் ஒன்று 60 லட்ச ரூபாய் மதிப்பீட்டில் கட்டடப் பணிக்கு 2025 ஜூன் 12 அன்று டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் சொன்ன அளவுகோல்தான் இத்தகைய அறிவிப்புகளில் பரவலாக இடம்பெறுகிறது. கடந்த 7 ஆண்டுகளில் இதையொத்த பணிகளை முடித்திருக்க வேண்டும். மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாத மூன்று, அல்லது 50 சதவீதத்துக்குக் குறையாத இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாத ஒன்று. ரூபாயில் சொன்னால் 24 லட்சத்தில் மூன்று, 30 லட்சத்தில் இரண்டு, 48 லட்சத்தில் ஒன்று.

ஒரு ஒப்பந்தக்காரர் 46, 31, 22 லட்ச ரூபாய்க்கு மூன்று கட்டடங்கள் முடித்திருக்கிறார். பெரிய வேலை 48-ஐ எட்டவில்லை. மூன்றாவது வேலை 24-ஐ எட்டவில்லை. ஆனால் 46-உம் 31-உம் முப்பதைத் தாண்டிவிட்டன, அதனால் அவருக்குத் தகுதி உண்டு. நிபந்தனையில் வரும் ‘அல்லது’ என்ற சொல்லை வேகமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் இங்கே தவறவிடுகிறார்கள்.

அடுத்தது தேதி. ஏழாண்டு என்பது அறிவிப்பு வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளோடு முடியும். நம் உதாரணத்தில் 2018 ஜூன் 1 முதல் 2025 மே 31 வரை. அந்த 31 லட்ச வேலைக்குப் பணி ஆணை கிடைத்தது 2017-இல், முடிந்தது 2018 ஆகஸ்டில். நிபந்தனை ‘முடித்திருக்க வேண்டும்’ என்றுதான் சொல்கிறது. ஆகவே அந்த வேலை கணக்கில் வரும். ஆனால் பணி ஆணையை மட்டும் வைத்தால், அதிலிருக்கும் 2017-ஐப் பார்த்தே தள்ளிவிட இடமுண்டு. முடிந்த தேதியும் முடிவான தொகையும் எழுதிய பணி நிறைவுச் சான்றுதான் வேண்டும் என்பதை இணைப்பைப் பார்க்காமலேயே ஊகிக்க முடியும்.

ஊகம் எட்டாத இடங்களும் உண்டு. முடித்த வேலை தனியாருக்குச் செய்தது என்றால், சான்றோடு வரிப் பிடித்தச் சான்றும் கேட்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. மூன்றாண்டு சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம், அதாவது 18 லட்சம் இருக்க வேண்டும் என்பார்கள். ஜூன் மாதத்தில் 2024-25 கணக்குத் தணிக்கை பலருக்கு முடிந்திருக்காது. அதற்கு ஆடிட்டரின் தற்காலிகச் சான்று போதுமா, அல்லது 2023-24-ஓடு முடியும் மூன்றாண்டை எடுத்துக்கொள்ளலாமா? இதை நிபந்தனையிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதற்கு முன் eprocure.gov.in தளத்தில் டெண்டர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாட்ஸப்பில் விடுபட்ட இணைப்பு அங்குள்ள ஜிப் கோப்பில் இருக்கலாம். அதிலும் இல்லையென்றால், அதே பக்கத்தில் Covers Information என்ற அட்டவணை இருக்கும். எந்த கவரில் எந்த ஆவணத்தைப் பதிவேற்ற வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். பட்டியலின் எலும்புக்கூடு அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் சான்று எந்தப் படிவத்தில், யார் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது அதில் வராது.

அதற்குப் பிறகும் தெளிவில்லையென்றால், விளக்கம் கேட்கும் கடைசி நாளுக்குள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். டெண்டர் எண், நிபந்தனை எண், விடுபட்ட இணைப்பின் எண், விற்றுமுதல் பற்றிய கேள்வி, இவ்வளவு போதும். தொலைபேசியில் ‘அதெல்லாம் பரவாயில்லை சார்’ என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். இணைப்பு நிஜமாகவே விடுபட்டிருந்தால் அது திருத்த அறிவிப்பாகத் தளத்தில் ஏறும், போட்டியிடும் எல்லோருக்கும் தெரியும்.

பதிலே வராமல் கடைசி நாள் நெருங்கிவிட்டால்? மத்திய அரசின் கொள்முதல் கையேடு ஒரு வழி வைத்திருக்கிறது. காட்டிய வேலைக்கு நிறைவுச் சான்று விடுபட்டிருந்தால் அலுவலகம் அதைப் பின்னால் கேட்டுப் பெறலாம். ஆனால் தகுதி பெறுவதற்காக, காட்டாத புது வேலை எதையும் பின்னால் சேர்க்க முடியாது. எனவே நம் ஒப்பந்தக்காரர் 46, 31 இரண்டின் பணி ஆணைகளையும் இப்போதே பதிவேற்றிவிட வேண்டும். முப்பதைத் தாண்டிய வேறு வேலை ஏதாவது இருந்தால் அதையும் கூடவே வைப்பது நல்லது. 31 லட்ச வேலையை ‘இதையொத்த பணி’ இல்லை என்று மதிப்பீட்டுக் குழு ஒதுக்கினால் அதுதான் கைகொடுக்கும்.