கொசைன் 72 பாகையின் துல்லிய மதிப்பு

சமபக்க முக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டினால் 30, 60 பாகைகளின் கொசைன் மதிப்புகள் கிடைத்துவிடும். சதுரத்தின் மூலைவிட்டம் 45 பாகைக்கு வழிகாட்டும். 72 பாகைக்கு இப்படி எளிய உருவம் இல்லை. கணிப்பான் 0.3090169... என்று காட்டும், அது தோராயமே. துல்லிய மதிப்பைப் பெற ஒரு வழி, ஒன்றின் ஐந்தாம் படிமூலங்கள்.

ஐந்தாம் படிக்கு உயர்த்தினால் 1 ஆகிற எண்களே அவை. மெய்யெண்களில் 1 மட்டுமே அத்தகையது. கலப்பெண்களையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து கிடைக்கும். மையத்தில் 0, ஆரம் 1 என ஒரு வட்டம் வரைந்து, 1 என்ற புள்ளியிலிருந்து 72 பாகைக்கு ஒன்றாகக் குறித்தால் அந்த ஐந்தும் ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் உச்சிகளாக அமையும். 360-ஐ 5 ஆல் வகுத்தால் 72 வருவதுதான் காரணம். 1-ஐ அடுத்துள்ள உச்சியை z என்போம்.

z = cos 72° + i sin 72°

இந்த வட்டத்தின் மேல் உள்ள எண்களைப் பெருக்கும்போது அவற்றின் கோணங்கள் கூடும். ஆகவே z², z³, z⁴ ஆகியவை 144, 216, 288 பாகைகளில் இருக்கும்; z⁵ முழுச் சுற்று வந்து 1 ஆகிவிடும். z⁵ − 1 = 0 என்பதைக் காரணிப்படுத்தினால்,

(z − 1)(z⁴ + z³ + z² + z + 1) = 0

z என்பது 1 அல்ல. எனவே இரண்டாவது காரணிதான் பூச்சியம். இது நான்காம் படிச் சமன்பாடு என்றாலும், இதன் கெழுக்கள் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. அந்தச் சமச்சீரைப் பயன்படுத்த, எல்லா உறுப்புகளையும் z² ஆல் வகுக்க வேண்டும்.

z² + z + 1 + 1/z + 1/z² = 0

இப்போது z + 1/z என்பதை u என்று வைத்துக்கொள்வோம். 1/z என்பது −72 பாகையில் உள்ள எண். அதாவது cos 72° − i sin 72°. இரண்டையும் கூட்டும்போது சைன் பகுதிகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. மிஞ்சுவது 2 cos 72°. தேடும் மதிப்பின் இரு மடங்குதான் u.

u-வை வர்க்கப்படுத்தினால் z² + 2 + 1/z² வரும். ஆகவே z² + 1/z² என்பது u² − 2. நடுவே வரும் இந்த 2-ஐ விட்டுவிட்டால் விடை தவறிவிடும். பதிலிட்டால் இருபடிச் சமன்பாடு ஒன்று மிஞ்சுகிறது.

u² + u − 1 = 0

u = (−1 ± √5) / 2

இரண்டு மூலங்களில் எது 2 cos 72°? 72 பாகை செங்கோணத்தைவிடச் சிறியது. அதன் கொசைன் மிகை எண். எனவே மிகை மூலத்தை எடுத்துப் பாதியாக்க வேண்டும்.

cos 72° = (√5 − 1) / 4

√5-க்கு 2.23607 எனப் பதிலிட்டால் 0.30902 வருகிறது, கணிப்பானோடு ஒத்துப்போகிறது. கணிப்பானில் −0.967 என வந்தால் அது ரேடியன் அளவில் இருக்கிறது என்று பொருள். பாகைக்கு மாற்ற வேண்டும்.

ஒதுக்கிய குறை மூலமும் வீணல்ல. z-க்குப் பதில் z²-ஐ எடுத்துத் தொடங்கினாலும் இதே சமன்பாடுதான் வரும். அப்போது u என்பது 2 cos 144°. ஆகவே cos 144° = −(√5 + 1)/4. அதன் குறியை மாற்றினால் cos 36° = (√5 + 1)/4.

விடையில் வர்க்கமூலம் மட்டுமே வருவதால், ஐங்கோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் O மையம் என்க. கிடை விட்டத்தில் O-வுக்கு இடப்புறம் 5 செ.மீ. தள்ளி M என்ற புள்ளியைக் குறித்து, அதிலிருந்து வட்டத்தின் உச்சிப்புள்ளி வரை கவராயத்தை விரிக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றப்படி அந்த விரிவு 5√5 செ.மீ. அதே விரிவோடு M-ஐ மையமாக்கி வில் வரைந்தால், அது O-வுக்கு வலப்புறம் 5√5 − 5, அதாவது சுமார் 6.18 செ.மீ. தொலைவில் விட்டத்தை வெட்டும். அந்தத் தொலைவின் நடுவில் எழுப்பும் செங்குத்துக்கோடு, மேலே வட்டத்தை 72 பாகையில் சந்திக்கும்.

ஏழாம் படிமூலங்களுக்கும் இதே உத்தி பயன்படும். ஆனால் அங்கே கிடைப்பது u³ + u² − 2u − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாடு. அதற்கு விகிதமுறு மூலம் இல்லை. வர்க்கமூலங்களால் மட்டும் அதைத் தீர்க்கவும் முடியாது. அதனால்தான் ஒழுங்கு எழுகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு துல்லியமாக வரைய இயலாது.