விடைபெறும் மடலில் விடுபடும் பெயர்

வேலையை விட்டுப் போகிறவர் கடைசி நாளில் டீம் முழுவதற்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். பத்துப் பேருக்குப் பெயர் சொல்லி நன்றி. பதினோராவது ஆள் அதை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படிக்கிறார், தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று. யாருடைய பெயரும் இல்லாத மடல் யாரையும் புண்படுத்துவதில்லை. பாதிப் பேரைச் சொல்லும் மடல்தான் மீதிப் பேரைப் புண்படுத்துகிறது.

இது நன்றி கெட்டதனத்தால் நடப்பதில்லை. நினைவிலிருந்து எழுதும்போது பக்கத்து இருக்கைக்காரர், தேநீருக்குக் கூட வந்தவர், கடைசி ஆறு மாதம் சேர்ந்து வேலை பார்த்தவர் ஆகியோர்தான் முதலில் வருவார்கள். வேறு ஊர் அலுவலகத்திலிருந்து உதவியவர், இரவு ஷிப்ட் பார்த்தவர், முதல் ஆண்டில் வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வேறு டீமுக்குப் போனவர், பிரசவ விடுப்பில் இருப்பவர் இவர்களெல்லாம் தாமாக நினைவுக்கு வர மாட்டார்கள். அதனால் பட்டியலை நினைவிலிருந்து போடக் கூடாது, பதிவிலிருந்து போட வேண்டும்.

சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் டெஸ்டிங் வேலை பார்த்த ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டீமில் அவரைத் தவிர 14 பேர். நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில் அவர் அலுவலக நாள்காட்டியில், தான் சேர்ந்த மாதத்துக்குப் போய், கூட்ட அழைப்புகளில் இருக்கும் பெயர்களைப் பார்க்கிறார். பிறகு தான் அனுப்பிய மின்னஞ்சல்களை ஆண்டுவாரியாகப் புரட்டுகிறார். யாரிடம் அடிக்கடி சந்தேகம் கேட்டோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கிடைக்கும் பெயர்களைத் தாளில் எழுதி மூன்றாகப் பிரிக்கிறார்.

இப்போதைய டீமின் 14 பேர் முதல் வட்டம். இவர்களில் ஒருவரைச் சொன்னால் அத்தனை பேரையும் சொல்ல வேண்டும். போன வாரம் சேர்ந்தவருக்கும் ஒரு வரி உண்டு. மற்ற டீம்களில் இருந்து உதவியவர்கள் இரண்டாவது வட்டம். இவர்களைப் பொதுமடலில் அடைக்காமல் தனித்தனியாக நாலு வரி எழுதுவதே நல்லது. பொதுமடலில் எல்லை எது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: “இந்த மடலில் நம் டீமை மட்டும் குறிப்பிடுகிறேன். மற்றவர்களுக்குத் தனியே எழுதுகிறேன்.” இந்த இரண்டு வாக்கியங்கள் பல மனக்கசப்புகளைத் தடுக்கும். செக்யூரிட்டி அண்ணன், தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா, இரவில் வீட்டில் இறக்கிவிட்ட கேப் டிரைவர் போன்றவர்கள் மூன்றாவது வட்டம். இவர்களில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள், டீம் முகவரியில் இருக்க மாட்டார்கள். அவர்கள் படிக்கப் போகாத மடலில் அவர்களுக்கு நன்றி சொன்னால், சொன்னவருக்குத்தான் பெருமை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

இனி, அந்த ஒரு வரி. “உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி” என்பது யாருக்கும் பொருந்தும் என்பதால் யாருக்கும் உரியதாவதில்லை. அவர் என்ன செய்தார், அதனால் எனக்கு என்ன ஆனது என்ற இரண்டும் வரியில் இருக்க வேண்டும். “நான் எழுதிய பிழைக் குறிப்பைத் திருப்பி அனுப்பி, எந்தப் படியில் உடைகிறது என்று எழுதச் சொன்னீர்கள். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.” இதைப் படிப்பவருக்குத் தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரியும். எல்லோருக்கும் வரியின் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். மேலாளருக்கு ஒரு பத்தி, ஜூனியருக்கு அரை வரி என்றால் அதையும் அளந்து பார்ப்பார்கள். வரிசை பதவிப்படி வேண்டாம், டீமில் யாரை முதலில் சந்தித்தீர்களோ அந்த வரிசையில் எழுதலாம்.

சில நன்றிகள் பொதுமடலுக்கு ஆகாது. அப்பா மருத்துவமனையில் இருந்தபோது பணம் கொடுத்தவருக்கும், அழுதபோது கூட இருந்தவருக்கும் நேரில்தான் சொல்ல வேண்டும். “மேலாளர் கைவிட்டபோது நீங்கள்தான் காப்பாற்றினீர்கள்” என்பது நன்றி வேடத்தில் வரும் புகார், அது வேண்டாம். வாடிக்கையாளரின் பெயரும் வெளிவராத திட்டமும் எந்த வரியிலும் இருக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் டீமில் நெடுநாள் இருப்பவர் ஒருவரிடம் காட்டி, “நல்லா இருக்கா?” என்று கேட்காமல், “யார் பேர் இல்ல?” என்று கேளுங்கள். அனுப்பிய பிறகு விடுபட்டது தெரிந்தால் திருத்த மடல் போடாதீர்கள், அது அவரைப் பின்னிணைப்பாக்கிவிடும். அன்றைக்கே அவர் இருக்கைக்குப் போய்ப் பேசுங்கள், வெளியூரில் இருந்தால் போன் செய்யுங்கள்.

கடைசி நாளில் அலுவலகக் கணக்கு எந்த நேரத்தில் மூடப்படும் என்பதை முன்கூட்டியே ஹெச்.ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் லேப்டாப்பை ஒப்படைத்த கையோடு மின்னஞ்சலும் நின்றுவிடும், பதில் எழுதியவர்களின் மடல்கள் உங்களுக்கு வந்து சேராது. மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள், உங்கள் சொந்த எண்ணைக் கீழே எழுத மறக்காதீர்கள்.