வாணலியில் புகை வந்தால்

மசால் வடைக்கு மாவு தயார். வாங்கி வைத்த மரச்செக்குக் கடலை எண்ணெயை வாணலியில் ஊற்றிக் காயவைக்கிறார்கள். முதல் ஈடு நன்றாகவே வருகிறது. இரண்டாவது ஈட்டுக்கு வடை தட்டும் நேரத்தில் எண்ணெயின் மேல் மெல்லிய நீலப்புகை கிளம்பி, கண்ணும் தொண்டையும் எரிகின்றன. 'கலப்படமாக இருக்குமோ?' என்று சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் அது கலப்படம் அல்ல.

ஒவ்வொரு எண்ணெயும் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் சிதைந்து புகையும். அதைத்தான் புகைநிலை என்கிறார்கள். கண்ணை எரிக்கும் அந்த நெடிக்குக் காரணம், எண்ணெய் சிதையும்போது உண்டாகும் அக்ரோலின் என்ற வாயு.

செக்கு எண்ணெயில் கடலையின் மணத்தோடு நுண்ணிய துகள்களும், கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் அமிலங்களும் இருக்கும். முதலில் புகைபவை இவைதான். அதனால் செக்குக் கடலை எண்ணெய் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கலாம். சுத்திகரிப்பில் இவை நீங்கிவிடுவதால், அதே கடலையின் ரீஃபைண்ட் எண்ணெய் ஏறக்குறைய 230 டிகிரி வரை தாங்கும்.

வடை பொரிய 170 முதல் 180 டிகிரி வேண்டும். மாவைப் போட்டதும் அதன் ஈரம் சூட்டை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் சற்று ஆறும். வடையை எடுத்த பிறகும் தீ அதே அளவில் எரிந்தால், வெறும் எண்ணெய் சட்டென்று சூடேறிப் புகையும். இரண்டாவது ஈட்டில் நடந்தது இதுதான். ஈட்டுக்கு ஈடு தீயைக் குறைப்பதே இதற்கு வழி. ஒரு துளி மாவைப் போட்டால் அது அடியில் இறங்கி உடனே மேலெழ வேண்டும். போட்ட கணமே கருகினால் சூடு அதிகம்.

ஆகவே பொரிப்பதற்கு ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ ஏற்றது. சூரியகாந்தி எண்ணெய் ரீஃபைண்டும் கிட்டத்தட்ட அதே சூட்டைத் தாங்கும். ஆனால் நெடுநேரம் காய்ந்தால் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெட்டுப்போவது அதுதான். புகைநிலையை மட்டும் பார்த்து எண்ணெயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தாளிப்பும் வதக்கலும் வேறு கணக்கு. அவற்றுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. கடுகு வெடித்ததும் வெங்காயத்தைப் போட்டால் அதன் ஈரமே சூட்டை அடக்கிவிடும். மணமுள்ள செக்கு நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் உரிய இடம் அதுதான். வெண்ணெய் 150 டிகிரியிலேயே கருகும். உருக்கி வடித்த நெய்யில் பால் கசடு இல்லாததால் அது 250 டிகிரி வரை தாங்கும்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயிலும் கவனம் தேவை. ஒவ்வொரு முறை காயும்போதும் புகைநிலை இறங்கும். நேற்று புகையாத எண்ணெய் இன்று சீக்கிரம் புகைந்தாலும், அடங்காமல் நுரைத்தாலும், ஆறியபின் பிசுபிசுத்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. முதல் முறை பொரித்ததை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குச் செலவழித்துவிடுங்கள். அதில் மறுபடியும் வடை சுட வேண்டாம்.