எந்தச் சான்றிதழுக்குக் காசு கட்டலாம்?

சைபர் பாதுகாப்புத் துறையில் நுழைய நினைக்கும் பட்டதாரி ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தால் போதும், சி.இ.எச்., செக்யூரிட்டி பிளஸ், சி.ஐ.எஸ்.எஸ்.பி., ஓ.எஸ்.சி.பி. என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். எல்லாமே அவசியம் என்பார்கள். ஆனால் அப்படிச் சொல்பவர் வகுப்பை விற்பவர். வேலை கொடுப்பவர் என்ன கேட்கிறார் என்பது வேலை விளம்பரங்களில் இருக்கிறது. அதைப் படிக்கக் கட்டணம் கிடையாது.

படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. சான்றிதழின் பெயரைப் போட்டுத் தேடினால் வருகிற விளம்பரங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்காத விளம்பரங்கள் எத்தனை என்பது தெரியாமலே போகும். அதனால் வேலையின் பெயரில் தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு எஸ்.ஓ.சி. அனலிஸ்ட்: ஒரு நிறுவனத்தின் கணினிகளில் எழும் எச்சரிக்கைகளை ஷிப்ட் முறையில் கண்காணிக்கும் வேலை. ஊர் சென்னை, அனுபவம் 0 முதல் 2 ஆண்டு என்று வடிகட்டி, வருகிற வரிசையிலேயே 40 விளம்பரங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரே காலியிடத்தை நான்கு கன்சல்டன்சிகள் போட்டிருக்கும். வாசகங்கள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் அதை ஒன்றாகவே எண்ண வேண்டும்.

பிறகு ஒரு எக்ஸெல் தாளில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் மூன்று கட்டங்கள்: 'கட்டாயம்', 'இவற்றில் ஏதாவது ஒன்று', 'இருந்தால் நல்லது'. கணக்கின் உயிரே இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 40 விளம்பரங்களில் சி.இ.எச். 14 இடங்களில் வருகிறது, செக்யூரிட்டி பிளஸ் 10 இடங்களில். மேலோட்டமாகப் பார்த்தால் சி.இ.எச். ஜெயித்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், சி.இ.எச்.சைக் கட்டாயமாகக் கேட்பவை 2, 'இருந்தால் நல்லது' என்பவை 3. மீதி 9 விளம்பரங்கள் இரண்டில் எது இருந்தாலும் போதும் என்கின்றன. அப்படியானால் சி.இ.எச். கூடுதலாகத் திறந்துவிடும் கதவுகள் 2 மட்டுமே. இரண்டுக்கும் உள்ள கட்டண வித்தியாசம் அந்த இரண்டு கதவுகளுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் கண்ணில் படும்: பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்கள் எந்தச் சான்றிதழையும் கேட்கவே இல்லை. அவை லினக்ஸ், நெட்வொர்க்கிங், ஸ்ப்ளங்க் என்று கேட்டால், அவற்றுக்கும் அதே தாளில் கட்டம் போட்டு எண்ணலாம்.

அனுபவ வடிகட்டியை விட்டுவிட்டால் கணக்கு எப்படிக் கோணும் என்பதற்கு சி.ஐ.எஸ்.எஸ்.பி. நல்ல உதாரணம். பாதுகாப்புத் துறை விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் பெயர் அது. ஆனால் முழுத் தகுதி பெற ஐந்தாண்டு அனுபவம் காட்ட வேண்டும். பட்டம் இருந்தால் ஓராண்டு குறையலாம். அனுபவம் இல்லாதவர் தேர்வில் தேறினாலும் 'அசோசியேட்' என்ற நிலையே கிடைக்கும்.

ஊர் வடிகட்டியும் அப்படித்தான். அமெரிக்காவில் செக்யூரிட்டி பிளஸ் பரவலாகக் கேட்கப்படுவதற்கு ஓர் அரசு விதி முக்கியக் காரணம். அந்நாட்டு ராணுவத் துறை 2005இல் வெளியிட்ட 8570 கையேடு, தன் கணினிகளைப் பாதுகாக்கும் ஊழியர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் குறிப்பிட்ட சான்றிதழ்களைக் கட்டாயமாக்கியது. அந்த இடத்தில் இப்போது 8140 விதிகள் இருக்கின்றன. வாஷிங்டனைச் சுற்றியுள்ள விளம்பரங்களைச் சேர்த்து எண்ணிவிட்டு, அந்த விகிதத்தை சென்னைக்குப் பொருத்தக் கூடாது.

பெயரும் ஏமாற்றும். சிசா என்பது தணிக்கையாளர் சான்றிதழ். அதே எழுத்துகளில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் இருக்கிறது. 'ஏ.டபிள்யூ.எஸ். தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒரு விளம்பரம் சொன்னால் அது திறமையைக் கேட்கிறது, சான்றிதழை அல்ல. கணினியைத் தேடவிட்டு எண்ணினால் இவையெல்லாம் கணக்கில் ஏறிவிடும். அந்த வாக்கியத்தைக் கண்ணால் படித்தாக வேண்டும்.

40 என்பது சிறிய எண். 6க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தில் பொருளில்லை. 2க்கும் 20க்கும் உள்ளதில் உண்டு. ஒரு சான்றிதழ் ஒரு முறைகூட வரவில்லை என்றால், யாருமே அதைக் கேட்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. நூற்றுக்கு ஏழு விளம்பரங்கள் வரை கேட்கக்கூடும் என்பதுதான் புள்ளியியல் தரும் எல்லை.

பழைய விளம்பரத்தை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் மனிதவளப் பிரிவுகளில் உண்டு. அதனால் பணம் கட்டும் முன் இன்னொரு சோதனை உதவும். அதே வேலையில் இப்போது இருப்பவர்களின் லிங்க்ட்இன் பக்கங்களைத் திறந்து, சான்றிதழ் வாங்கிய மாதத்தையும் வேலையில் சேர்ந்த மாதத்தையும் ஒப்பிடலாம். பெரும்பாலோர் சேர்ந்த பிறகே அதைப் பெற்றிருந்தால், தேர்வுக் கட்டணத்தை நிறுவனமே கொடுக்கிறதா என்று நேர்முகத்தேர்வில் கேட்டுக்கொள்ளலாம்.