ஆர்.டி. கணக்கில் அந்தப் பதினோராயிரம் எப்படி வந்தது?

அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 1,000 ரூபாய், ஆண்டு வட்டி 6.7 சதவீதம், ஐந்து வருடம். கட்டுவது 60,000. பலர் மனக்கணக்காக 60,000-க்கு 6.7 சதவீதம், அதை ஐந்தால் பெருக்கி 20,100 ரூபாய் வட்டியை எதிர்பார்க்கிறார்கள். கைக்கு வருவதோ சுமார் 11,366. ஏமாற்றிவிட்டார்கள் என்று கவுன்ட்டரில் சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு.

யாரும் ஏமாற்றவில்லை. முதல் தவணைதான் அறுபது மாதமும் உள்ளே இருக்கிறது. இரண்டாவது 59 மாதம், கடைசித் தவணை ஒரே மாதம். சராசரி போட்டால் ஒவ்வொரு ஆயிரமும் முப்பதரை மாதம்தான் வட்டி சம்பாதிக்கிறது. இதற்குத் தனிவட்டி ஏறக்குறைய 10,218 ரூபாய். மீதி 1,148 ரூபாய் கூட்டு வட்டியின் வேலை.

வட்டி அசலில் சேர்வது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 6.7-ஐ நான்கால் வகுத்தால் காலாண்டுக்கு 1.675 சதவீதம், ஆயிரம் ரூபாய் 1,016.75 ஆகிறது. தவணையோ மாதாமாதம் விழுகிறது. அதனால் மூன்று முறை பெருக்கினால் 1.01675 வரும் எண்ணைத் தேட வேண்டும். அது 1.0055524. இதை x என்போம்.

கடைசித் தவணை 1,000 பெருக்கல் x, அதாவது 1,005.55 ரூபாய். அதற்கு முந்தையது x-இன் வர்க்கம். இப்படியே ஏறி, முதல் தவணை 1,394.07 ஆகிறது. அடுத்தடுத்த எண்கள் ஒரே விகிதத்தில் வளர்வதால் இது பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான். அறுபது எண்களையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மொத்தத்தை x-ஆல் பெருக்கி, பழைய மொத்தத்தைக் கழித்தால் நடுவில் உள்ளதெல்லாம் அடிபட்டு இரு முனைகள்தான் மிஞ்சும்:

S = x(x⁶⁰ − 1) / (x − 1)

விடை 71.366. ஆயிரத்தால் பெருக்கினால் முதிர்வுத் தொகை 71,366 ரூபாய். எக்செலில் சரிபார்க்க:

```
=FV(1.01675^(1/3)-1,60,-1000,0,1)
```

இணையக் கணிப்பான்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். 6.7-ஐ நேரே பன்னிரண்டால் வகுத்து மாதக் கூட்டு வட்டி போட்டால் சுமார் 70 ரூபாய் அதிகமாகக் காட்டும். தவணையை மாதக் கடைசியில் கட்டுவதாக எடுத்துக்கொண்டால் 394 ரூபாய் குறைந்துவிடும். மேலே உள்ள கடைசி 1 அதற்காகத்தான்.

இவ்வளவும் தவணை தவறாமல் கட்டியவருக்கு. ஒரு மாதம் விட்டால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், இங்கே பத்து ரூபாய்; அது பெரிய விஷயமில்லை. நஷ்டம் வருவது கணக்கை முன்கூட்டியே முடிப்பதில். மூன்று வருடத்துக்குப் பிறகு முடிக்கலாம். ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் முடித்தாலும் கிடைப்பது சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான்.